பிறந்தது முதலே மலச்சிக்கலா? முதல் 48 மணி நேரத்தை நினைவுபடுத்திப் பாருங்கள்

கைக்குழந்தைக்கு மூன்று நாளாக மலம் இறங்கவில்லை என்றால், நம் வீட்டுப் பாட்டிமார்களிடம் உடனே ஒரு கைவைத்தியம் இருக்கும். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைப்பார்கள். சிறிது நேரத்தில் மலம் இறங்கிவிடும். எல்லாரும் நிம்மதி அடைவார்கள். ஆனால் வெகு சில குழந்தைகளுக்குப் பிறந்த வாரத்திலிருந்தே காம்பு வைத்தால்தான் மலம் இறங்கும். அவர்களுக்குக் கோளாறு பாலிலோ உணவிலோ இல்லாமல், குடல் நரம்பில் இருக்கக்கூடும்.

இதற்கு ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் என்று பெயர். டென்மார்க் நாட்டுக் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங் 1886-ஆம் ஆண்டில் இதை விவரித்தார். ஏறக்குறைய 5,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும் இந்நோய், ஆண் குழந்தைகளிடமே அதிகம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கும், உடன்பிறந்தோருக்கு இந்நோய் இருந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

கரு வளரும்போது, குடலை இயக்கும் நரம்பணுக்கள் மேலிருந்து கீழாக நகர்ந்து, மூன்றாம் மாத வாக்கில் ஆசனவாய் வரை வந்து சேர வேண்டும். சில கருவில் அவை வழியிலேயே நின்றுவிடுகின்றன. அதனால் குடலின் கடைசிப் பகுதி நரம்பணு இன்றியே உருவாகிறது. நரம்பணு இல்லாத அந்தப் பகுதிக்குத் தளர்ந்து வழிவிடத் தெரியாது; எப்போதும் இறுகியே இருக்கும். மேலே உள்ள நல்ல குடலோ தள்ளித் தள்ளி வீங்கிப் பெருக்கும். காம்பு வைக்கும்போது இறுகிய வழி சற்றுத் திறப்பதால் காற்றும் மலமும் பீய்ச்சிக்கொண்டு வரும். வைத்தியம் பலித்ததாக வீட்டார் நினைப்பார்கள். நோய் மறைந்து நிற்பதும் அதனால்தான்.

இப்படி ஒரு குழந்தையை எண்ணிக்கொள்ளுங்கள். நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தை. கரும்பச்சை நிறத்தில் பிசுபிசுப்பாக வரவேண்டிய முதல் மலம் மூன்றாம் நாள்தான் வந்தது. தாய்ப்பால் மட்டும் குடித்தவரை காம்பும் சோப்புத் துண்டும் சமாளித்தன. ஆறாம் மாதம் கஞ்சி தொடங்கியதும் வாரம் ஒரு முறைகூட மலம் இல்லை. வயிறு பானைபோல் உப்பியது. கை கால்கள் மெலிந்தன. கிளினிக்கில் எடைக் கோடு மேலே ஏறவில்லை. மலமிளக்கி மருந்தும் பயன் தரவில்லை. “எப்போதிலிருந்து?” என்று மருத்துவர் கேட்டதற்கு, “கஞ்சி கொடுத்ததிலிருந்து” என்றே வீட்டார் சொன்னார்கள். அந்த முதல் மூன்று நாட்களை யாரும் சொல்லவில்லை.

நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் 24 மணி நேரத்திலேயே மலம் கழித்துவிடுவார்கள். 48 மணி நேரம் தாண்டினால் அது விசாரிக்க வேண்டிய விஷயம். சரியான நேரத்தில் போய்விட்டது என்பதற்காக நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

பெரும்பாலான பிள்ளைகளின் மலச்சிக்கல் வேறு மாதிரியானது. திட உணவு, பானையில் உட்காரும் பழக்கம், பள்ளிக்கூடக் கழிவறை மேல் வெறுப்பு என்று இடையில்தான் அது தொடங்கும். மலத்தை அடக்கி அடக்கி, உள்ளாடையில் கசியவிடுவார்கள். ஹிர்ஷ்ஸ்பிரங் நோயில் அப்படிக் கசிவது அரிது. மருத்துவர் விரல் விட்டுப் பார்த்தால், வயிறு உப்பியிருக்கும்போதே ஆசனக்குடல் காலியாக இருக்கும்.

ஆசனவாய் வழக்கமான இடத்தில் இல்லாமல் முன்னால் தள்ளியோ மிகக் குறுகியோ இருந்தாலும், கீழ்முதுகில் முடிக்கற்றை அல்லது ஆழமான குழி இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பின்னது முதுகுத்தண்டு நரம்புக் கோளாறின் அடையாளமாக இருக்கலாம்.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. உப்பிய வயிறோடு காய்ச்சல், துர்நாற்றமுள்ள வயிற்றுப்போக்கு, சோர்வு ஆகியவை சேர்ந்தால், தேங்கிய குடலில் கிருமி பெருகியிருக்கலாம். மலச்சிக்கல் உள்ள பிள்ளைக்குப் பேதியாகிறதே, நல்லதுதான் என்று இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பச்சை நிற வாந்தியும் அப்படித்தான். இரவானாலும் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

நோயை உறுதிப்படுத்த, ஆசனக்குடலின் உட்சுவரிலிருந்து சின்னத் துணுக்கை உறிஞ்சி எடுத்து நுண்ணோக்கியில் நரம்பணு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த இடத்தில் வலி தெரியாது என்பதால் கைக்குழந்தைக்கு மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே, நோயுள்ள பகுதி எவ்வளவு நீளம் என்பதைக் காட்ட உதவும்.

மருந்தால் இது தீராது. நரம்பணு இல்லாத பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாயோடு இணைக்கும் அறுவை சிகிச்சைதான் வழி. இதைக் குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர்தான் செய்வார் என்பதால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். குடல் மிகவும் வீங்கியிருந்தால், முதலில் வயிற்றில் தற்காலிக வழி வைத்து, பிறகு இணைப்பதும் உண்டு. பல பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள். சிலருக்குச் சிக்கலோ கசிவோ சில ஆண்டுகள் தொடரும். அந்தக் குடல் அழற்சி அறுவைக்குப் பிறகும் வரக்கூடும் என்பதால், வயிறு உப்பிக் காய்ச்சல் வந்தால் அப்போதும் அதே அவசரம்தான்.