ஆங்கிலம் பழகுவோம்: வந்திருந்தால் பார்த்திருப்பேன்

மேல்கோட்டையில் வைரமுடி சேவை ஆண்டுக்கு ஒரே இரவுதான், பங்குனியில். மண்டியா கருவூலத்திலிருந்து போலீஸ் காவலோடு வரும் கிரீடத்தைச் சூடி, உற்சவர் செல்வப்பிள்ளை வீதியுலா வருவார். பிறகு கிரீடம் கருவூலத்துக்கே திரும்பிவிடும். மறுநாள் போய் இறங்குகிறவர் சொல்வார்: “நேற்றே வந்திருந்தால் வைரமுடியைப் பார்த்திருப்பேன்.”

இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது பலருக்கு “இஃப் ஐ கேம் யெஸ்டர்டே, ஐ வுட் ஸீ வைரமுடி” என்றுதான் வாயில் வரும். ‘வந்தால் பார்ப்பேன்’ என்று தமிழில் சொன்னால் எப்படி ஒலிக்குமோ, அப்படித்தான் இதுவும் ஒலிக்கும். முடிந்துபோன வாய்ப்பைப் பேசும்போது நாம் இரண்டு வினைகளிலும் ‘இரு’ சேர்க்கிறோம் அல்லவா? ஆங்கிலமும் இரண்டு வினைகளையும் மாற்றுகிறது. ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி மாற்றுவதில்லை.

‘இஃப்’ வரும் பக்கத்தில் பாஸ்ட் பெர்ஃபெக்ட் வேண்டும்: ‘ஹேட்’, அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம். விளைவைச் சொல்லும் பக்கத்தில் ‘வுட் ஹேவ்’, அதன்பின்னும் மூன்றாம் வடிவம். “இஃப் ஐ ஹேட் கம் யெஸ்டர்டே, ஐ வுட் ஹேவ் ஸீன் வைரமுடி.” இதுதான் தேர்ட் கண்டிஷனல். ‘பார்த்திருக்கலாம்’ என்று சொல்ல வேண்டுமானால் ‘வுட்’ இருந்த இடத்தில் ‘குட்’ போட்டால் போதும்.

எழுதிய பிறகு விளைவைச் சொல்லும் பக்கத்தைக் கையால் மறைத்து, மற்றதை மட்டும் படியுங்கள். ‘இஃப்’ பக்கத்தில் ‘வுட்’ தெரிந்தால் தவறு. தமிழில் இருபுறமும் ‘இரு’ வருவதால், “இஃப் ஐ வுட் ஹேவ் கம்” என்று இருபுறமும் ‘வுட் ஹேவ்’ வைக்கத் தோன்றும். பேச்சில் இது ஆங்கிலேயரிடமும் கேட்கும். தேர்வுத் தாளில் மதிப்பெண் போய்விடும். அடுத்து, மறைத்த பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ‘ஹேவ்’ விடுபட்டிருந்தால் அதுவும் தவறு.

கடைசியாக மூன்றாம் வடிவத்தைச் சரிபாருங்கள். கம், கேம், கம். ஸீ, ஸா, ஸீன். ‘ஹேட் கேம்’, ‘வுட் ஹேவ் ஸா’ இரண்டுமே நடு வடிவத்தில் நின்றுவிட்டவை.

இரு பக்கமும் பொருந்தாமல் இருந்தும் சரியாக அமையும் வாக்கியம் ஒன்று உண்டு. “சின்ன வயதில் கன்னடம் கற்றிருந்தால், இப்போது இந்தப் பலகையைப் படிப்பேன்.” கற்காதது அன்று; படிக்க முடியாதது இன்று. அதனால் “இஃப் ஐ ஹேட் லர்ன்ட் கன்னடா, ஐ வுட் ரீட் திஸ் போர்டு நவ்” என்பதே சரி. இங்கே ‘ஹேவ்’ வேண்டாம். ஆகவே ‘ஹேவ்’ இல்லை என்றதும் சிவப்பு மையில் சுழிக்காமல், விளைவு எப்போது நடக்க வேண்டியது என்று முதலில் கேளுங்கள். நேற்று என்றால் ‘ஹேவ்’ வேண்டும். இன்று என்றால் வேண்டாம்.

(அடுத்த வாரம்: ‘ஐ விஷ்’)