வியாழன் பதினொரு மணிக்குப் பரீட்சை

நண்பரின் மகள் கோயம்புத்தூரில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறாள். போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை போன் செய்தாள். ஒரு நிறுவனத்திலிருந்து மெயில் வந்திருந்தது: "நவம்பர் 20, வியாழன், காலை 11 மணிக்கு வீடியோ வழியாக நேர்காணல். 45 நிமிடம். வசதிப்படுமா என்று தெரிவிக்கவும்." அதே வியாழன் காலை 10 முதல் 1 வரை அவளுக்கு செமஸ்டர் பரீட்சை.

"மாமா, முடியாதுன்னு சொன்னா வாய்ப்பு போயிடுமா?"

ஆள்சேர்ப்புப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டாள். போகாது என்றேன். நேரத்தை மாற்றிக் கேட்பது அந்த வேலையில் அன்றாடம் நடப்பது. கேட்கிற விதம்தான் சிக்கலை உண்டாக்கும். அவள் எழுதி வைத்திருந்த பதிலைப் படிக்கச் சொன்னேன். "மன்னிக்கவும், அன்று எனக்கு வர இயலாது. தயவுசெய்து வேறு தேதி தரவும்." மரியாதையான கடிதம்தான். ஆனால் அதை வாங்குகிறவர் என்ன செய்வார்?

நேர்காணலுக்கு நேரம் குறிப்பவர் பெரும்பாலும் ஹெச்.ஆர். பிரிவில் ஒருவர். நேர்காணல் செய்யப்போவது அவர் இல்லை. பேனலில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலை. மூன்று பேரின் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எல்லோருக்கும் காலியான ஒரு 45 நிமிடத்தைத் தேடிப் பிடித்துத்தான் "வியாழன் 11 மணி" என்று எழுதியிருப்பார். "வேறு தேதி தரவும்" என்றால் அந்தத் தேடல் முழுவதும் மறுபடி தொடங்கும். அதுவும் கண்ணைக் கட்டிக்கொண்டு. அடுத்து அவர் தேடித் தரும் நேரத்திலும் உங்களுக்குப் பரீட்சை இருக்குமா என்பது அவருக்குத் தெரியாது. "எப்போது வசதி?" என்று கேட்டு இன்னொரு மெயில் அனுப்ப வேண்டும். அதற்குள் சனி, ஞாயிறு போய்விடும்.

"எந்த நேரமானாலும் சரி" என்பதும் உதவாது. பணிவாகத் தோன்றும், ஆனால் உண்மையாக இருக்காது. திங்கள் காலை என்று அவர்கள் குறித்துவிட்டால் மறுபடியும் மாற்றிக் கேட்க நேரும். ஒருமுறை கேட்டால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். இரண்டாவது முறை நினைப்பார்கள்.

ஆகவே, உங்கள் பதிலைப் படித்ததும் அவர் உங்களிடம் எதையும் திரும்பக் கேட்காமலே நேரத்தைக் குறித்துவிட முடிய வேண்டும். அதை மனத்தில் வைத்து அவளிடம் நாட்காட்டியைத் திறக்கச் சொன்னேன். வியாழன் பரீட்சை 1 மணிக்கு முடிந்தால் எத்தனை மணிக்கு அறைக்கு வருவாய்? 2 மணி. சாப்பிட்டு, மடிக்கணினியைத் தயார் செய்ய ஒரு மணி நேரம். அப்படியானால் 3.30க்கு முன்னால் எதுவும் சொல்லாதே. வெள்ளி? பரீட்சை இல்லை, காலை முழுவதும் காலி. அடுத்த வாரம்? செவ்வாய் மாலை. இப்படி மூன்று இடைவெளிகள் கிடைத்தன. மூன்று நேரம், அதுவும் வெவ்வேறு நாட்களில் சொன்னால் பேனலுக்கு ஏதாவது ஒன்று பொருந்திவிட வாய்ப்பு அதிகம். முதல் தேதிக்கு அருகிலேயே இருப்பதும் முக்கியம். இரண்டு வாரம் தள்ளிக் கேட்டால், அதற்குள் மற்றவர்களைப் பார்த்து முடிவெடுத்துவிட நேரலாம்.

வந்த மெயிலுக்கே 'ரிப்ளை ஆல்' கொடுத்து அவள் ஆங்கிலத்தில் அனுப்பியதன் சாரம் இது:

"வணக்கம். நேர்காணலுக்கு அழைத்ததற்கு நன்றி, கலந்துகொள்ள விரும்புகிறேன். நவம்பர் 20, வியாழன் காலை 11 மணிக்கு எனக்குப் பல்கலைக்கழகத் தேர்வு (10 முதல் 1 வரை) இருப்பதால் அந்த நேரத்தில் வர இயலவில்லை. கீழ்க்கண்ட நேரங்களில் ஒன்று உங்களுக்கு ஒத்துவருமா?

நவம்பர் 20, வியாழன், மாலை 3.30 முதல் 6 வரை
நவம்பர் 21, வெள்ளி, காலை 10 முதல் 1 வரை
நவம்பர் 25, செவ்வாய், மாலை 3 முதல் 6 வரை

எல்லாம் இந்திய நேரம். சிரமத்துக்கு மன்னிக்கவும். என் கைபேசி எண் கீழே உள்ளது."

'கலந்துகொள்ள விரும்புகிறேன்' என்ற சொல் முதல் வரியிலேயே வருவதைக் கவனியுங்கள். அவசரமாகப் படிக்கிறவர் 'வர இயலவில்லை' என்பதை மட்டும் பார்த்து, விலகிக்கொண்டாள் என்று எண்ணிவிடக் கூடாது. காரணத்துக்கு ஒரே வரி போதும். பரீட்சை, அறுவை சிகிச்சை, வீட்டுத் திருமணம் என்றால் சொல்லலாம். வேறொரு நிறுவனத்தின் நேர்காணலோடு மோதுகிறது என்றால் 'ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு வேலை' என்று நிறுத்திக்கொள்ளலாம், பொய் தேவையில்லை. நாட்காட்டி அழைப்பாக வந்திருந்தால் 'இல்லை' பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு இருந்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில் அது வெறும் மறுப்பாகத்தான் தெரியும்.

நேர்காணல் செய்பவர் வெளிநாட்டில் இருந்தால் 'இந்திய நேரம்' என்ற சொல் அந்தக் கடிதத்தையே காப்பாற்றும். லண்டனில் கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் ஐந்தரை. அக்டோபர் நடுவில் வந்த அழைப்பில் 'நவம்பர் 20, லண்டன் காலை 10' என்று இருந்தால், அன்றைய வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடுகிறவர் மாலை 2.30 என்று நினைப்பார். உண்மையில் 3.30. ஒரு மணி நேரம் முன்னால் போய்க் காத்திருக்கலாம், கேடில்லை. மார்ச்சில் இதே பிழை எதிர்த்திசையில் நடந்தால் ஒரு மணி நேரம் தாமதம். இரண்டு ஊர் நேரத்தையும் எழுதிவிடுவதே நல்லது.

குறித்த நேரம் ஒத்துவந்தாலும் 'ஓகே' என்று மட்டும் எழுதக் கூடாது. "நவம்பர் 20, வியாழன், காலை 11 மணி, வீடியோ வழியாக, கலந்துகொள்கிறேன்" என்று கிழமையோடு திருப்பி எழுதுங்கள். அழைத்தவர் அவசரத்தில் '20, வெள்ளி' என்று தட்டச்சு செய்திருப்பார். கிழமையையும் தேதியையும் சேர்த்து எழுதப்போகும்போதுதான் அது கண்ணில் படும். இப்படிப் பிடிபட்ட பிழைகளை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். சில என்னுடையவை.

எல்லா இடத்திலும் இப்படிக் கேட்க முடியாது. யு.பி.எஸ்.சி. நேர்முகத் தேர்வில் தேதி மாற்றக் கோரிக்கைகளைச் சாதாரணமாக ஏற்பதில்லை என்று விதியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அரசுத் தேர்வு அழைப்பென்றால் முதலில் அந்தக் கடிதத்தின் நிபந்தனைகளைப் படித்துவிட்டு, மற்ற வேலையை நகர்த்தப் பாருங்கள்.

அவளுக்குத் திங்கள் மதியம்வரை பதில் வரவில்லை. பதில் வரும்வரை பழைய நேரம்தான் நிற்கிறது. கேட்டாகிவிட்டது, மாறியிருக்கும் என்று இருந்துவிட்டால் வியாழன் 11 மணிக்குப் பேனல் காத்திருக்கும், இவள் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பாள். அழைப்பில் இருந்த எண்ணுக்குப் பேசச் சொன்னேன். "வெள்ளிக்கிழமை மெயில் அனுப்பினேன், வந்து சேர்ந்ததா?" என்று மட்டும் கேட்டாள். அன்று மாலையே வெள்ளி காலை 10.30 என்று புது அழைப்பு வந்தது.

அதற்கும் தேதி, கிழமை, நேரம் எழுதி ஒரு வரிப் பதில் அனுப்பினாள். பிறகு நாட்காட்டியில் இருந்த வியாழன் அழைப்பை அழிக்கச் சொன்னேன். பழைய இணைப்பும் புதிய இணைப்பும் வேறு வேறாக இருந்தன.