பார்க்க மட்டும் ஒரு அனுமதி

2019 ஏப்ரலில் தெலங்கானாவின் இன்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வெளியானபோது ஹைதராபாத்தில் வாரியத்தின் அலுவலக வாசலில் பெற்றோர் கூட்டம் கூடிவிட்டது. நன்றாகப் படிக்கும் ஒரு மாணவிக்குத் தெலுங்குப் பாடத்தில் பூஜ்யம் என்று வந்திருந்தது. விடைத்தாளை எடுத்துப் பார்த்தால் 99. மதிப்பெண்ணைப் பதியும் ஓ.எம்.ஆர். தாளில் திருத்தியவர் வட்டத்தை மாற்றி நிரப்பியிருந்தார். கணினி தன்னிடம் வந்ததைச் சரியாகவே வாங்கிச் சரியாகவே அச்சிட்டது. காகிதத்தில் இருந்ததும் கணினிக்குள் போனதும் ஒன்றுதானா என்று, முடிவு வெளியாவதற்கு முன் யாரும் சரியாக ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

இதே இடைவெளி சிறிய அளவில் ஒவ்வொரு கல்லூரியிலும் உண்டு. செய்முறைத் தேர்வு நடக்கும் நாளில் யார் வந்தார், யார் வரவில்லை என்பது ஆய்வக உதவியாளரின் வருகைப் பதிவேட்டில் இருக்கும். மதிப்பெண் தரவுத்தளத்தில் ஏறுவதோ தேர்வுப் பிரிவின் அறையில். பதிவேட்டை வைத்திருப்பவரால் தரவுத்தளத்தைப் பார்க்க முடியாது. தரவுத்தளத்தில் வேலை செய்பவரிடம் பதிவேடு இல்லை. இரண்டையும் ஒருவர் கண்ணில் சேர்க்கத்தான் வாசிப்பு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுகிறார்கள். அவற்றில் பல நிராகரிக்கப்படுவதற்குக் காரணம், “முடிவுகள் தரவுத்தளத்துக்கு அனுமதி வேண்டும்” என்ற ஒற்றை வரிதான். அதைப் படிக்கும் நிர்வாகிக்கு எல்லாத் துறையும், எல்லாப் பாடமும், வெளியாகாத முடிவுகளும் கண்முன் வரும். அவர் மறுப்பதுதான் நியாயம்.

ஹைதராபாத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வக உதவியாளர் இதையே எப்படி எழுதலாம் என்று ஒரு மாதிரி:

“மதிப்பிற்குரிய ஐயா, இயற்பியல் செய்முறைத் தேர்வின் மதிப்பெண் பதிவுகளைப் பார்க்க மட்டும் அனுமதி வேண்டுகிறேன். எனக்கு வேண்டியவை ஹால் டிக்கெட் எண், ஆய்வகக் குறியீடு, மதிப்பெண் ஆகிய மூன்று மட்டுமே. மாணவர் பெயர், எழுத்துத் தேர்வு மதிப்பெண், மற்றத் துறைகளின் பதிவுகள் தேவையில்லை. காரணம்: தேர்வன்று வந்தவர், வராதவர் பட்டியல் என் பதிவேட்டில் உள்ளது. அதை மதிப்பெண் பதிவுடன் ஒப்பிட்டால் விடுபட்டதை முடிவு வெளியாவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். இப்போது தேர்வுப் பிரிவிலிருந்து அச்சுப்படி வாங்குகிறோம். அது எடுக்கப்பட்ட பிறகு செய்த திருத்தம் அதில் தெரிவதில்லை. ஆய்வகத்தில் உள்ள ஒரு கணினியிலிருந்து மட்டும், பதிவு முடிந்த நாளிலிருந்து பத்து நாட்களுக்கு இந்த அனுமதி போதும். நான் எதையும் திருத்த மாட்டேன். வேறுபாடு கண்டால் துறைத் தலைவரின் கையெழுத்துடன் தேர்வுப் பிரிவுக்கு எழுத்தில் தருவேன்.”

இந்தக் கடிதத்தின் பலம் பணிவில் இல்லை. அதன் ஒவ்வொரு வரியையும் நிர்வாகி ஒரு கட்டளையாக மாற்றிவிடலாம். தரவுத்தளத்தில் யார் எதைச் செய்யலாம் என்று பிரித்துக் கொடுக்கும் GRANT என்ற கட்டளை, ஐ.பி.எம். நிறுவனம் 1970களில் நடத்திய சிஸ்டம் ஆர் ஆய்வுத் திட்டத்தில் உருவானது. பாட்ரீசியா கிரிஃபித்ஸும் பிராட்ஃபோர்ட் வேடும் 1976இல் அதை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். பார்ப்பது, சேர்ப்பது, மாற்றுவது, அழிப்பது எல்லாம் அதில் தனித்தனி உரிமைகள். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள REVOKE இருக்கிறது.

மதிப்பெண்கள் எல்லாம் ஒரே பெரிய அட்டவணையில் கிடக்கும். அதை அப்படியே திறந்துவிடாமல், தேவையான வரிசைகளும் நெடுவரிசைகளும் மட்டும் தெரியும் ஒரு சன்னலை நிர்வாகி வெட்டுகிறார். இதற்கு ‘வியூ’ என்று பெயர். மைஎஸ்கியூஎல்லில் phylab_ro என்ற பயனரை CREATE USER கட்டளையால் முதலில் உருவாக்கிவிட்டு, results தரவுத்தளத்துக்குள் இப்படி எழுதலாம்:

```sql
CREATE VIEW phy_lab AS
SELECT roll_no, lab_code, mark
FROM practical_marks
WHERE dept = 'PHY';

GRANT SELECT ON results.phy_lab
TO 'phylab_ro'@'10.20.4.15';
```

வியூ தனியாக எதையும் சேமித்து வைப்பதில்லை. கேட்கும்போதெல்லாம் மூல அட்டவணையிலிருந்து எடுத்துக் காட்டும். அதனால்தான் அச்சுப்படியில் தெரியாத திருத்தம் இதில் தெரியும். மூல அட்டவணையில் உதவியாளருக்கு எந்த உரிமையும் தர வேண்டியதில்லை. கடைசி வரியில் உள்ள எண் ஆய்வகக் கணினியின் முகவரி. வேறு கணினியிலிருந்து இந்தப் பயனர் பெயரால் நுழைய முடியாது. சோம்பேறித்தனமாக results.phy_lab என்ற இடத்தில் results.* என்று போட்டுவிட்டால் கதை மாறிவிடும். இன்று இருக்கும் எல்லா அட்டவணைகளும், நாளை அந்தத் தரவுத்தளத்தில் சேரப்போகும் அட்டவணைகளும்கூடத் திறந்துகொள்ளும்.

அனுமதி சரியாக வந்திருக்கிறதா என்பதை உதவியாளரே சோதித்துக்கொள்ளலாம். SHOW GRANTS என்று தட்டினால் தன் உரிமைகளின் பட்டியல் வரும். பிறகு நிர்வாகியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு ஹால் டிக்கெட் எண்ணுக்கு மதிப்பெண் மாற்றும் UPDATE கட்டளை ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். ERROR 1142 என்ற மறுப்பு வர வேண்டும். மறுப்பு வராமல் பூஜ்யம் வரிசைகள் மாறின என்று பதில் வந்தால், கேட்டதற்கு மேல் கொடுத்துவிட்டார்கள் என்று பொருள்.

இனி வேலை. ஆய்வகத்தில் 62 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டின்படி இருவர் வரவில்லை. தேர்வுப் பிரிவின் வழக்கம், வராதவருக்கு மதிப்பெண் கட்டத்தைக் காலியாக விடுவது. உதவியாளர் இரண்டு எண்ணிக்கை கேட்கிறார்:

```sql
SELECT COUNT(*), COUNT(mark)
FROM phy_lab WHERE lab_code = 'PH12';
```

முதல் எண்ணிக்கை எல்லா வரிசைகளையும் எண்ணும். இரண்டாவது, மதிப்பெண் நிரப்பப்பட்ட வரிசைகளை மட்டும். 62, 59 என்று பதில் வந்தால் மூன்று கட்டங்கள் காலி. வராதவர் இருவர்தான், ஆக, தேர்வு எழுதிய ஒருவரின் மதிப்பெண் ஏறவில்லை. அது யார் என்று பார்க்க mark IS NULL என்று கேட்க வேண்டும். mark = NULL என்று கேட்டால் ஒரு வரிசையும் வராது; தெரியாத ஒன்று எதற்கும் சமம் என்று சொல்ல முடியாது என்பது இந்த மொழியின் விதி. இந்த ஒரு தவறால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி மூடிவிட்டுப் போனவர்கள் உண்டு.

காலிக் கட்டம் வேறு, பூஜ்யம் வேறு. பூஜ்யம் என்பது நிரப்பப்பட்ட மதிப்பெண். அது எண்ணிக்கையில் ஒளிந்துகொள்ளும். ஆகவே mark = 0 என்று தனியாக ஒரு முறை கேட்டு, வருகிற ஒவ்வொரு எண்ணையும் பதிவேட்டில் தேட வேண்டும். அந்த மாணவர் வந்திருக்கிறார் என்றால் விடைத்தாளை எடுக்கச் சொல்லலாம். இன்டர்மீடியட் மாணவியின் 99 இந்த வகைப் பிழைதான். ஆனால் 68ஐ 86 என்று ஏற்றியிருந்தால் வருகைப் பதிவேட்டை வைத்து அதைப் பிடிக்க முடியாது. அதற்கு மதிப்பெண் தாளே வேண்டும்.

பார்ப்பது மட்டும்தானே, அதில் என்ன கெடுதல் என்று நினைக்க வேண்டாம். வெளியாகாத மதிப்பெண் ஒன்று வாட்ஸ்அப்பில் போய்விட்டால் அதைத் திரும்ப வாங்க எந்தக் கட்டளையும் இல்லை. ‘labuser’ என்ற ஒரே கணக்கை நான்கு பேர் பகிர்ந்துகொண்டால், கசிந்தது யாரால் என்றும் தெரியாது. தனிநபர் தகவல்களுக்கு 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் குறிப்பிட்ட நோக்கத்துக்கு வேண்டிய அளவு மட்டுமே என்ற நெறியைத்தான் சொல்கிறது. மைஎஸ்கியூஎல்லில் GRANT தானாகக் காலாவதி ஆவதும் இல்லை. பத்து நாள் என்று கடிதத்தில் எழுதியவர், பதினோராவது நாள் நிர்வாகிக்கு ஒரு வரி எழுதி அனுமதியை நீக்கச் சொல்லிவிடுங்கள். அடுத்த பருவத்தில் நீங்கள் கேட்கும்போது அவர் தயங்க மாட்டார்.