உஷார்! ஜீப் ஏறும் முன் பக்கெட்டைப் பாருங்கள்

சாமான்களை இறக்கி, பால் காய்ச்சி முடித்ததும் இந்தத் தாளை வீட்டில் எல்லோரும் ஒருதரம் படித்துவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே ஜீப் ஏறிவிடுவீர்கள். போடிமெட்டு தாண்டிவிட்டால் திரும்ப அந்தி சாய்ந்துவிடும். பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும். எனக்குப் பயமே அந்தப் பகலை நினைத்துத்தான்.

போன மார்கழியில் மாடி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். குளிருக்கு வெந்நீர் வைக்க, பிளாஸ்டிக் பக்கெட்டில் ஹீட்டர் ராடைத் தொங்கவிட்டு ஸ்விட்சைப் போட்டிருக்கிறார்கள். பாதியில் கரண்ட் போய்விட்டது. ஜீப்காரர் ஹாரன் அடிக்கவும் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு ஓடிவிட்டார்கள். ஸ்விட்சை அணைக்கவில்லை. ஏழு மணிவாக்கில் கரண்ட் வந்தது. நண்பகலில் பக்கத்து வீட்டு அக்கா கருகல் வாடை என்று கத்த, நான் ஓடிப்போய்ப் படிக்கட்டடி மீட்டர் பெட்டியில் அந்த வீட்டு மெயினை இறக்கினேன். கதவைத் திறந்து பார்த்தால் பக்கெட்டின் ஒரு பக்கம் மெழுகாய் மடங்கியிருந்தது. ராடு சரிந்து, சுவரில் மாட்டியிருந்த துணிக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1500 வாட் ராடு 15 லிட்டர் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர இருபது நிமிடம் ஆகும். கொதிநிலைக்குப் போக ஒரு மணி நேரம். அதற்குமேல் சுமார் மூன்று மணி நேரத்தில் பாதித் தண்ணீர் ஆவியாகிவிடும். தண்ணீர் இறங்கி ராடின் சுருள் வெளியே வந்தால் அதன் சூட்டை வாங்க எதுவும் இல்லை, பழுத்துவிடும். ஏழுக்கு வந்த கரண்ட் பதினொன்றுக்கெல்லாம் வேலையைக் காட்டிவிடும். நீங்கள் திரும்பி வருவதோ சாயங்காலம்.

‘டிரிப்பர் இருக்கிறதே, தானாக விழாதா?’ என்று கேட்பீர்கள். கரண்ட் கசிந்தால்தான் டிரிப்பர் விழும். ராடு வெறுமனே காய்வது அதற்குத் தெரியாது. ஆகவே கரண்ட் போன உடனே ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ராடு போட்டிருக்கும்போது சூடு பார்க்கத் தண்ணீரில் கை விடவே விடாதீர்கள். தண்ணீர் மோட்டாருக்கும் இதே கதைதான்: கரண்ட் இல்லாதபோது போட்டுவிட்டு மறந்தால், தொட்டி வற்றிய பிறகும் வெறுமனே ஓடிக் கருகிவிடும்.

நகராட்சித் தண்ணீர் தினமும் வராது. முறை எப்போது என்று எதிர்வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். காற்று மட்டும் வருகிற குழாயைத் திறந்தபடி விட்டுப் போகாதீர்கள். தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சவும் கூடாது. எங்காவது குழாயில் விரிசல் இருந்தால் சாக்கடையையும் சேர்த்து அது இழுத்துவிடும்.

தண்ணீருக்குப் பஞ்சம் என்றதும் தோட்டத்திலிருந்து காலி மருந்து கேனைக் கழுவி எடுத்து வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! ஏலத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து கேனின் பிளாஸ்டிக்கிலேயே ஊறியிருக்கும். மூன்று முறை அலசினாலும் அது குடிதண்ணீர்ப் பாத்திரம் ஆகாது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் ஆகாது. கேன் லேபிளில் வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பென்றால் கொடிய விஷம். அடியில் ஓட்டை போட்டுத் தோட்டத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள். மருந்து தெளித்த சட்டையையும் பிள்ளைகள் துணியோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போடாதீர்கள், தனியாக அலசுங்கள்.

குப்பை வண்டி வரும்போது வீட்டில் ஆள் இருக்காது என்றால் என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். மக்கும் குப்பை ஒரு வாளியில், மக்காதது இன்னொன்றில். நாப்கினும் உடைந்த கண்ணாடியும் காகிதத்தில் சுற்றித் தனியாக. தூய்மைப் பணியாளர் அக்காக்கள் கையால்தான் பிரிக்கிறார்கள். கொல்லையில் போட்டுக் கொளுத்த மட்டும் கொளுத்தாதீர்கள். கோடையில் இந்தச் சரிவுப் புல் எப்படிப் பற்றும் என்பதை 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் பார்த்தோம்.

இனி, யாரைக் கூப்பிடுவது? கரண்ட் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் 94987 94987. கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906. தீ என்றால் 101. யாராவது மருந்தைத் தெரியாமல் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, லேபிளோடு அந்தக் கேனையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியாக வைத்தியம் பார்க்க முடியும்.

உங்கள் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருக்கட்டும். மாடி வீட்டுக் கதவை அன்று நான் உடைத்துத்தான் திறந்தேன்.