துயரத்துக்கு எத்தனை மதிப்பெண்?

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் ஒரு விடைக்குறிப்பு இருக்கும். எந்தச் செய்திக்கு எத்தனை மதிப்பெண் என்று அதில் அச்சாகியிருக்கும். மாணவர் எவ்வளவு உருகி எழுதியிருந்தாலும், குறிப்பில் உள்ள செய்தி விடையில் இல்லையென்றால் மதிப்பெண் விழாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் உதவித்தொகை அமைப்புகளும் கேட்கிற நோக்கக் கட்டுரையும் பல இடங்களில் இப்படித்தான் திருத்தப்படுகிறது. நம் மாணவர்கள் எஸ்.ஓ.பி. என்று சொல்வது இதைத்தான். அதைத் திருத்துகிறவர் கையில் இருக்கும் விடைக்குறிப்புக்கு ரூப்ரிக் என்று பெயர்.

நமது அரசுக் கலைக் கல்லூரிகளில் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. அங்கே மதிப்பெண்ணும் இடஒதுக்கீட்டு வரிசையும் பேசிவிடும். ஆனால் ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்குப் போகிற பட்டியல் சாதி மாணவர், உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதத்தோடு போக வேண்டும். அந்தக் கடிதம் வருவதற்கு முன் அங்கே யாரோ ஒருவர் இவருடைய கட்டுரையை வாசித்தாக வேண்டும். அவர் எப்படி வாசிக்கிறார் என்பது கான்வென்ட் பிள்ளைகளுக்குக் காசு வாங்கும் ஆலோசகர்கள் மூலம் தெரிந்துவிடுகிறது. நம் தெருவுக்கு அது வந்து சேருவதில்லை.

முதலில் வாசிப்பு நடக்கும் விதத்தைப் பார்ப்போம். ரூப்ரிக் வைத்திருக்கும் இடங்களில் ஒரு கட்டுரையைப் பொதுவாக இரண்டு பேர் தனித்தனியாக வாசிப்பார்கள். ஒருவர் போட்ட மதிப்பெண் மற்றவருக்குத் தெரியாது. இருவருக்கும் இடையே பெரிய வித்தியாசம் வந்தால் மூன்றாமவரிடம் போகும். வேலை தொடங்கும் முன் எல்லோரும் சேர்ந்து பழைய கட்டுரைகள் சிலவற்றைத் திருத்திப் பார்த்து, ‘இதற்கு ஏன் 4, அதற்கு ஏன் 2’ என்று பேசிக் கை பழகிக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொருவர் முன்னாலும் நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் குவியும். ஒரு கட்டுரைக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

அந்தச் சில நிமிடங்களில் வாசிப்பவர் கதை கேட்பதில்லை, தேடுகிறார். அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் உரிய சான்று கட்டுரையில் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார். பெயர்கள் இடத்துக்கு இடம் மாறினாலும், முதுநிலைப் படிப்புக்கான அட்டவணைகளில் திரும்பத் திரும்ப வருபவை ஐந்து வரிசைகள். இந்தப் படிப்புக்கு வேண்டிய அடிப்படை இவரிடம் உள்ளதா? தன் கையால் செய்த வேலை அல்லது ஆய்வு என்ன? உலகத்தில் இத்தனை இடம் இருக்க இந்தத் துறை ஏன்? படித்து முடித்து என்ன செய்யப் போகிறார்? தடை வந்தபோது எப்படிக் கையாண்டார்? பொதுவாக அதிக மதிப்பெண் சேர்வது இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான். உதவித்தொகை அமைப்பு என்றால் நான்காவது வரிசையின் கனம் கூடும், அதோடு தலைமைப் பண்பும் சேரும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை, தலைமைப் பண்பு, தொடர்புகளை வளர்ப்பது, படிப்பைத் தேர்ந்த காரணம், எதிர்காலத் திட்டம் என்று நான்கையும் தனித்தனிக் கட்டுரையாகவே எழுதச் சொல்கிறது.

நம் பிள்ளைகள் தடுமாறுவது ஐந்தாவது வரிசையில். எங்கள் மாலை வகுப்புக்கு வரும் வரைவுகள் இரண்டு வகை. ஒன்றில் பாதிக் கட்டுரை அவமானமும் வறுமையும். மற்றதில் சாதி என்ற சொல்லே இருக்காது, எழுதியவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதை மறைக்கவே முழுக் கவனமும் போயிருக்கும். இரண்டுக்கும் அந்த வரிசையில் குறைந்த மதிப்பெண்தான் கிடைக்கும். காரணத்தைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் வில்லியம் செட்லசெக் என்ற உளவியலாளர் கறுப்பின மாணவர்களின் படிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தேர்வு மதிப்பெண் காட்டாத எட்டுத் திறன்களை அவர் வகுத்தார். அவற்றுள் ஒன்று, இனவெறி கொண்ட ஓர் அமைப்பைப் புரிந்துகொண்டு அதற்குள் தன் வழியை உண்டாக்கும் திறன். 1999இல் பில் கேட்ஸ் குடும்ப அறக்கட்டளை 100 கோடி டாலரில் தொடங்கிய கேட்ஸ் மில்லேனியம் உதவித்தொகையில், பயிற்சி பெற்ற வாசிப்பாளர்கள் இந்த எட்டையும் வைத்தே கட்டுரைகளைத் திருத்தினார்கள். அதாவது பாகுபாட்டைக் கையாளுவது, மதிப்பெண் போடத்தக்க ஒரு திறமையாகவே அட்டவணையில் ஏறியது. இங்கே பாகுபாடு நடந்தது என்பதற்கு மதிப்பெண் இல்லை. நடந்ததை மாணவர் எப்படிப் புரிந்துகொண்டார், அடுத்து என்ன செய்தார் என்பதற்குத்தான் மதிப்பெண். கோபத்தில் முடங்கியவருக்கும், பாகுபாடே இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டவருக்கும் குறைவு.

2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்துக்குத் தனி இடம் கொடுப்பதை நிறுத்தியபோதும், இந்த வாசலை முழுக்க மூடவில்லை. இனம் தன் வாழ்க்கையைப் பாதித்த விதத்தை மாணவர் எழுதலாம், அது அவருடைய துணிவையோ திறமையையோ காட்டுவதாக இருந்தால் பல்கலைக்கழகம் கணக்கில் எடுக்கலாம் என்றது. அந்தத் தீர்ப்பின் மீது நமக்கு விமர்சனம் உண்டு. ஆனால் வாசிப்பவர் எதைத் தேடுவார் என்பது அதிலும் தெளிவாகவே இருக்கிறது.

இப்போது ஒரு கட்டுரையைத் திருத்திப் பார்ப்போம். இது ஒருவருடையது அல்ல. எங்களிடம் வந்த வரைவுகளைக் கலந்து வகுப்புக்காகச் செய்த மாதிரி. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்த மாணவி, தண்ணீர் மேலாண்மையில் முதுநிலைக்கு விண்ணப்பிக்கிறார். வரைவு 800 சொல். முதல் 500 சொல் காலனி வாழ்க்கை: கரும்பு வெட்டப் போகும் அப்பா, மழையில் ஒழுகும் வீடு, குழாயடியில் வாங்கிய ஏச்சு. அடுத்த 200 சொல், பல்கலைக்கழகம் உலகப் புகழ் பெற்றது என்ற பாராட்டு. மிச்சம் 100 சொல்லில் பருவத் தேர்வு மதிப்பெண்களும் ‘மக்களுக்குச் சேவை செய்வேன்’ என்ற வரியும். ‘இறுதியாண்டில் கிணற்று நீர் குறித்து ஒரு திட்டப்பணி செய்தேன்’ என்று நடுவில் ஒரே ஒரு வரி.

வரிசைக்கு 4 வீதம் மொத்தம் 20 என்று வைத்து வகுப்பில் திருத்தினோம். அடிப்படைக்கு 2, ஏனென்றால் மதிப்பெண் பட்டியல் தனியாக இணைக்கப்பட்டிருக்கிறது, அதையே திரும்ப எழுதினால் புதிதாக எதுவும் சேராது. செய்த வேலைக்கு 1. துறைப் பொருத்தத்துக்கு 1, பல்கலைக்கழகத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரைப் போட்டாலும் அந்தப் பத்தி அப்படியே நிற்கிறது. எதிர்காலத்துக்கு 1. தடையைக் கையாண்டதற்கு 2, 500 சொல் எழுதியும்! ஆக 7.

பிறகு அந்தத் திட்டப்பணியைப் பற்றிக் கேள்வி கேட்டோம். எத்தனை இடத்தில் நீர் எடுத்தாய்? 12. எதைச் சோதித்தாய்? உப்பு, புளோரைடு, நைட்ரேட். எங்கே அதிகம்? காலனி அடிபம்பில் நைட்ரேட் லிட்டருக்கு 70 மில்லிகிராம், இந்தியத் தரநிலை அனுமதிப்பது 45. ஏன்? பம்புக்கு மேட்டுப் பக்கம் ஊர்த்தெருச் சாக்கடை தேங்குகிறது. என்ன செய்தாய்? கிராம சபையில் பேசினேன், எழுதிக்கொள்ளவில்லை. அளவுகளைப் படமாக வரைந்து திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். மூன்றாம் மனுவுக்குப் பிறகு அடிபம்பை மூடிவிட்டுக் குழாய் இழுத்தார்கள்.

இதையெல்லாம் அவர் சொந்தக் கதை என்றே நினைக்கவில்லை. கல்லூரி வேலை, வீட்டு வேலை மாதிரி ஒன்று என்று விட்டுவிட்டார். இரண்டாம் வரைவில் காலனி வாழ்க்கை 80 சொல்லாகச் சுருங்கியது. கிராம சபையில் பேச்சு ஏன் பதிவாகவில்லை என்பதற்குச் சாதிதான் காரணம் என்று ஒரே வாக்கியத்தில், அழாமல், பெயர் சொல்லி எழுதினார். அளவெடுத்த முறைக்கும் மனுவுக்கும் 300 சொல். அந்தத் துறையில் நிலத்தடி நீர் மாசு குறித்து நடத்தப்படும் பாடத்தையும், தன் 12 மாதிரிகளால் விடை காண முடியாத கேள்வியையும் சேர்த்து ஒரு பத்தி: சாக்கடையிலிருந்து வரும் நைட்ரேட்டையும் வயல் உரத்திலிருந்து வருவதையும் பிரித்தறிவது எப்படி? மறுபடி திருத்தினோம். 3, 4, 3, 3, 4. ஆக 17. ஆங்கிலம் முன்னைவிட அழகாகிவிடவில்லை, வாக்கியங்கள் சின்னதாகத்தான் இருந்தன. அழகான ஆங்கிலத்தைக் கண்டதும் எல்லா வரிசைக்கும் கை தாராளமாகப் போய்விடும் பழக்கம் வாசிப்பவர்களிடம் உண்டு. அதைத் தடுக்கத்தான் வரிசை வரிசையாக மதிப்பெண் போடும் முறையே வந்தது. முழுக்கத் தடுத்துவிட்டது என்று சொல்ல மாட்டோம்.

கட்டுரையால் எல்லாம் ஆகிவிடும் என்றும் நம்ப வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழகம் இளநிலைச் சேர்க்கைக்கு 150 மதிப்பெண் அட்டவணை வைத்திருந்தது. படிப்புத் தகுதிகளுக்கு 110 வரை. மிகச் சிறந்த கட்டுரைக்கு 3. அங்கே படித்த பெற்றோரின் பிள்ளைக்கு 4. அப்பாவின் பட்டம் பிள்ளையின் எழுத்தைவிட ஒரு மதிப்பெண் கூடுதல் என்பதை நாம் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2003இல் உச்ச நீதிமன்றம் தவறு என்று சொன்னது சிறுபான்மையினருக்குத் தானாகச் சேர்ந்த 20 மதிப்பெண்ணைத்தான். எங்குமே அடிப்படைத் தகுதி இல்லாதவரைக் கட்டுரை உள்ளே கொண்டுபோகாது. ஒரே தகுதியோடு வரிசையில் நிற்கிற பலருள் யார் என்ற கேள்வி வரும்போதுதான் அது பேசும்.

எதிர்காலத் திட்டத்தை எழுதும் முன் உதவித்தொகையின் விதிகளை ஒருமுறை வாசித்துவிடுங்கள். தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் விதிகளில் 2022இல் ஒரு திருத்தம் வந்தது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்குப் பணம் கிடையாது என்றது அது. சாதியை ஆராய வெளிநாடு போக நினைத்த பலர் அப்போது பாதியில் நின்றார்கள். எதிர்த்து அறிக்கைகள் வந்தன, நாமும் எழுதினோம். பல்கலைக்கழகத்தின் அட்டவணையில் 4க்கு 4 வாங்கித் தரும் ஓர் ஆய்வுத் திட்டம், டெல்லியில் விண்ணப்பத்தையே தள்ளிவிடக்கூடும். எனவே சேர்க்கைக் கடிதத்துக்கு அலையும்போதே, பணம் எங்கிருந்து வரும் என்பதைத் தனிக் கணக்காகப் போட்டு, வேறு உதவித்தொகைகளின் கடைசித் தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.