படத்தில் பொருந்திய கேஸ்கட், குக்கரில் பொருந்தவில்லை

குக்கரின் மாடல் பெயர் தேய்ந்து போயிருக்கும், பில் எங்கே என்று தெரியாது, இற்றுப்போன கேஸ்கட் மட்டும் கையில் இருக்கும். அதைப் போனில் படமெடுத்துத் தேடினால் அதே மாதிரிக் கருப்பு வளையங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஆவடியிலோ பட்டாபிராமிலோ ஒரு வீட்டில் இப்படிப் பார்த்து ஆர்டர் போட்டவர், பொருள் வந்ததும் எழுதும் ரிவ்யூ பெரும்பாலும் ‘படத்தில் இருப்பது போலவே இருக்கிறது’ என்றோ ‘வேஸ்ட், வாங்காதீர்கள்’ என்றோ முடிந்துவிடும். இரண்டாலும் அடுத்து வாங்குபவருக்குப் பயனில்லை. படம் சொன்னதில் எது சரி, படம் சொல்ல முடியாததில் எது தவறு, விற்றவர் எழுதிக் கொடுத்ததில் எது பொய் என்று மூன்றையும் பிரித்து எழுதினால்தான் அது எச்சரிக்கையாக உதவும். எழுதியவருக்கே பணத்தைத் திரும்பக் கேட்கும்போது ஆதாரமாகவும் நிற்கும்.

ஒரு கேஸ்கட்டையே எடுத்துக்கொள்வோம். படத்தில் நிறம் தெரியும், வளையத்தின் வடிவம் ஓரளவு தெரியும். விட்டம் தெரியாது, ரப்பர் எவ்வளவு மிருதுவானது என்பதும் தெரியாது. மூடி உள்ளே போய் மாட்டும் குக்கருக்கும், வெளியே கவிழ்ந்து பூட்டும் குக்கருக்கும் கேஸ்கட் வேறு. 5 லிட்டர் என்ற ஒரே அளவிலும் உயரமான குக்கருக்கு ஒரு மூடி, அகன்ற குக்கருக்கு வேறொரு மூடி. அளவு சின்னதாக இருந்தால் மூடியின் ஓரத்தில் ஆவி கசியும், விசில் வராது. இது எரிச்சலோடு போய்விடும். ரப்பர் தடித்தோ விறைத்தோ இருந்தால் விஷயம் வேறு. வெளிமூடி குக்கர்கள் பலவற்றில் மூடியின் விளிம்பில் ஒரு நீள்துளை இருக்கும். வெயிட் அடைத்துக்கொண்டு, சேஃப்டி வால்வும் வேலை செய்யாமல் போனால், கேஸ்கட் அந்தத் துளை வழியே பிதுங்கி ஆவியை வெளியே விடும். அது கடைசிப் பாதுகாப்பு. விறைத்த ரப்பர் பிதுங்க மறுக்கலாம். குக்கரும் ஒழுங்காக விசிலடிப்பதால், இந்தக் குறையை யாரும் கவனிப்பதில்லை, ‘நன்றாக இருக்கிறது’ என்றே ரிவ்யூவும் போய்விடுகிறது.

தோற்றத்தை நம்பி வாங்குவதில் உள்ள இந்த ஆபத்து வெறும் ஊகம் அல்ல. வீட்டு உபயோக பிரஷர் குக்கர்கள் IS 2347 தரத்தின்படி ஐஎஸ்ஐ முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும் என்ற மத்திய அரசின் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான் நிறுவனத்துக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அந்தத் தளத்தில் விற்கப்பட்ட 2,265 குக்கர்கள் தரத்துக்கு உட்படாதவை, வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, பொருளைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்க வேண்டும் என்றது உத்தரவு. ஃபிளிப்கார்ட்டுக்கும் 598 குக்கர்கள் தொடர்பாக அதே மாதம் இதே அளவு அபராதம். படத்தில் அவை எல்லாமே குக்கராகத்தான் இருந்திருக்கும். முத்திரையின் மேலே IS எண்ணும் கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, அந்த எண்ணை BIS Care செயலியில் போட்டுச் சரிபார்த்ததாக ஒரே ஒருவர் ரிவ்யூவில் எழுதியிருந்தால், அடுத்து வாங்க நினைத்தவர் நின்று யோசித்திருப்பார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும்: படத்தைப் பொருத்திப் பார்த்தது வாங்கியவர்தானே, தவறாகப் பொருத்தியதற்கு விற்றவர் என்ன செய்வார்? பாதி உண்மை. விற்பனைப் பக்கத்தில் விட்டம் சரியாகப் போட்டிருந்தும், அதைப் படிக்காமல் உருவத்தை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் பழி நம்முடையது, ரிவ்யூவிலும் அப்படியே எழுத வேண்டும். ஆனால் ‘எல்லா 5 லிட்டர் குக்கருக்கும் பொருந்தும்’ என்று விற்றவரே எழுதியிருந்தால் கதை மாறுகிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, தளத்தில் இடும் விவரமும் படமும் பொருளின் தோற்றம், தரம், பயன்பாட்டோடு ஒத்துப்போகும் என்று விற்பவரிடம் தளம் உறுதிமொழி வாங்க வேண்டும். குறைபாடுள்ள, போலியான அல்லது விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. விற்பவரே வாடிக்கையாளர் போல நடித்து ரிவ்யூ போடுவதையும் அதே விதிகள் தடுக்கின்றன.

ஆகவே ரிவ்யூ இந்த மாதிரி இருக்கலாம்: ‘பழைய கேஸ்கட்டின் படத்தை வைத்துத் தேடி வாங்கினேன். நிறமும் வளைவும் படத்தில் உள்ளபடியே. தலைப்பில் எல்லா 5 லிட்டர் குக்கருக்கும் என்று போட்டிருக்கிறது, என்னுடையது அகன்ற வெளிமூடி குக்கர். நியூஸ்பேப்பரில் இழுக்காமல் விரித்து அளந்தால் மூடியின் உள்விட்டத்தைவிட 4 மில்லிமீட்டர் குறைவு. ஓரத்தில் ஆவி வருகிறது. விட்டம் பக்கத்தில் எங்கும் இல்லை.’ எதிர்த்துப் பேச இதில் இடமே இல்லை. பழைய கேஸ்கட்டின் அளவு மாறியிருக்கலாம் என்பதால் அதை அளக்காமல் மூடியை அளப்பதுதான் சரி. ஸ்கேலை வைத்தபடியே ஒரு படம் எடுத்துச் சேர்த்தால் இன்னும் நல்லது.

உண்மையை எழுதினாலும் மானநஷ்ட வழக்கு வருமே என்று பலர் தயங்குகிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் அவதூறு குற்றம்தான். ஆனால் பொதுநலன் கருதிச் சொன்ன உண்மையும், பிறர் நலனுக்காக நல்லெண்ணத்தோடு தந்த எச்சரிக்கையும் அதன் விதிவிலக்குகளில் வருகின்றன. ‘4 மில்லிமீட்டர் குறைவு’ என்பது அளவு. ‘இவன் ஃபிராடு’ என்பது குற்றச்சாட்டு, அதை நிரூபிக்கும் சுமை எழுதியவர் தலையில் விழும். இன்னொரு தயக்கம், காசு கொடுத்துப் போட வைத்த ஐந்து நட்சத்திரங்களுக்கு நடுவே ஒருவரின் ரிவ்யூ எடுபடுமா என்பது. ரிவ்யூக்களை எப்படிப் பெற வேண்டும், எப்படி வெளியிட வேண்டும் என்று 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு IS 19000 என்ற தரத்தை வெளியிட்டது. அது தானாக முன்வந்து பின்பற்றுவதற்கானது, அதனால் அதை மட்டும் நம்பிப் பயனில்லை. அளவும் படமும் உள்ள ரிவ்யூவைப் போலியாக உருவாக்குவது கடினம் என்பது மட்டும்தான் நம் பலம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: ரிவ்யூ புகார் ஆகாது. அதை எழுதிவிட்டுக் காத்திருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் கெடு கடந்துவிடும். முதலில் ரிட்டர்ன் கேட்டு, மறுத்தால் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதிலும் நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதன்பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. உதாரணத்துக்கு, ஆவடிக்குப் பக்கத்திலுள்ள அம்பத்தூர் 2018-இல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டாலும், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. எனவே ஆவடிக்காரர் போக வேண்டியது திருவள்ளூர் ஆணையத்துக்கு. போகும்போது ரிவ்யூவின் ஸ்கிரீன்ஷாட்டோடு, விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்திருக்க வேண்டும், புகார் போன மறுநாளே தலைப்பு மாறிவிடக்கூடும்.