புயல் வந்தா 2 நாள் தாங்குமா உங்க வீட்டு இன்வெர்ட்டர்? பேட்டரி கணக்கு இதுதான்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல பகுதிகளில் 2 நாட்களைத் தாண்டியும் கரண்ட் வரவில்லை. "150 ஏஹெச் பேட்டரி இருக்கே" என்று தைரியமாக இருந்த பல வீடுகளில் முதல் நாளே இன்வெர்ட்டர் கூவத் தொடங்கிவிட்டது. ஏன் அப்படி?

150 ஏஹெச் பேட்டரியை அதன் 12 வோல்ட்டோடு பெருக்கினால் 1,800 வாட் ஹவர். ஆனால் லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும். ஆக கைக்கு வருவது 900. அதிலும் சுமார் 15 சதவீதம் இன்வெர்ட்டரிலேயே வீணாகும். மிச்சம் 765. ஒரே ஒரு 75 வாட் ஃபேன் 10 மணி நேரம் ஓடினால் அதுவும் காலி!

சரி, 2 நாளைக்கு எவ்வளவு வேண்டும்? ஒரு நாளைக்கு ஒரு ஃபேன் 10 மணி நேரம் (750), மூணு 10 வாட் பல்பு 6 மணி நேரம் (180), வைஃபை ரூட்டர் 12 மணி நேரம் (120), செல்போன் சார்ஜ் (50) என்று வைப்போம். மொத்தம் 1,100 வாட் ஹவர். 2 நாளைக்கு 2,200. இன்வெர்ட்டர் இழப்புக்காக 0.85-ஆல் வகுத்தால் சுமார் 2,600. பாதிதான் இறக்கலாம் என்பதால் அதை இரட்டிப்பாக்கினால் 5,200. அதை 12-ஆல் வகுத்தால் 433 ஏஹெச். அதாவது 150 ஏஹெச் பேட்டரி மூணு வேண்டும்.

செலவைக் கேட்டு பயந்துட்டீங்களா? பேட்டரியைத் தொடாமல் ஃபேனை மாற்றிப் பாருங்கள். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் போட்டால் ஒரு நாள் தேவை 650 ஆகிவிடும். இதே கணக்கைப் போட்டால் 255 ஏஹெச். ரெண்டு பேட்டரியிலேயே வேலை முடிந்தது.

"எப்பவோ ஒரு தடவைதானே, 80 சதவீதம் வரை இறக்கினா என்ன?" என்று கேட்கலாம். டியூபுலர் பேட்டரி எப்போதாவது அதைத் தாங்கும். ஆனால் பழைய பேட்டரியின் கொள்ளளவு வாங்கியபோது இருந்தது போல இருக்காது. அந்தக் குறைவை ஈடுகட்டவும் இந்தப் பாதி கணக்கு உதவும். லித்தியம் என்றால் 80 சதவீதம் வரை தாராளமாக இறக்கலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாதி வந்ததும் இன்வெர்ட்டர் தானாக நிற்காது. பொதுவாக 10.5 வோல்ட் அளவில்தான் கட் ஆகும். அப்போது பேட்டரி கிட்டத்தட்ட முழுக்க வற்றியிருக்கும். எல்லாவற்றையும் ஆஃப் செய்து, கொஞ்ச நேரம் விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.1 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஃபேன் ஓடும்போது அளந்தால் குறைவாகவே காட்டும், அதை நம்ப வேண்டாம்.

கரண்ட் வந்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. மூணு பேட்டரியில் பாதி என்றால் 225 ஏஹெச் திரும்ப ஏற வேண்டும். இன்வெர்ட்டரின் சார்ஜிங் 15 ஆம்பியர் என்றால் குறைந்தது 15 மணி நேரம், நடைமுறையில் இன்னும் கூடுதலாகவே ஆகும். அதற்குள் மறுபடி கரண்ட் போனால் 2 நாள் கணக்கு செல்லாது. அதனால் பேட்டரி வாங்கும்போதே இன்வெர்ட்டரின் சார்ஜிங் ஆம்பியரையும் கடையில் கேட்டுவிடுங்கள்.